பள்ளி கணினி மன்றத்தில் ஐந்து நிமிடப் பேச்சு: விபிஎன் பற்றிய தவறான நம்பிக்கைகள். படித்துப் பார்த்துச் சொல்லுங்கள்

மஞ்சை_மாணவி | ஞாயிறு, மாலை 6:10

வணக்கம். கடலூர் மஞ்சக்குப்பத்தில் பிளஸ் ஒன் படிக்கிறேன். வெள்ளிக்கிழமை எங்கள் பள்ளி கணினி மன்றத்தில் ஐந்து நிமிடம் பேச வேண்டும். கேட்கப்போவது ஒன்பதாம், பத்தாம் வகுப்புப் பிள்ளைகள். அவர்களில் பலருடைய வீட்டு போனில் ஏதாவது ஒரு இலவச விபிஎன் ஆப் இருக்கிறது. "போட்டா நம்மள யாராலயும் கண்டுபிடிக்க முடியாது", "போட்டா நெட் வேகமா வரும்" என்ற இரண்டு பேச்சும் அவர்களிடம் அடிக்கடி வருவதால் அதைப் பற்றியே பேசலாம் என்று எழுதினேன். முக்கியமான பகுதி இது:

"விபிஎன் போட்டால் நம் ஐபி முகவரி மறைந்துவிடும். அதனால் இணையதளங்களுக்கு நாம் யார் என்று தெரியாது. ஆனால் போலீஸ் நினைத்தால் கண்டுபிடித்துவிடும். அடுத்து வேகம். தகவலை மறையாக்கம் செய்ய நேரம் பிடிப்பதால் விபிஎன் போட்டால் நெட் மெதுவாகும். ஆகவே பக்கத்தில் உள்ள நாட்டை, முடிந்தால் இந்தியாவையே தேர்ந்தெடுங்கள்."

இதில் தப்பு இருந்தால் சொல்லுங்கள். யாராவது எழுந்து கேள்வி கேட்டால் நான் பதில் சொல்லியாக வேண்டும்.

---

லாஸ்பேட்டை_கேமர் | ஞாயிறு, மாலை 6:32

வேகம் குறையும் என்று ஒரேயடியாகச் சொல்லாதே தங்கச்சி. பாண்டியில் எங்கள் வீட்டு பிராட்பேண்டில் ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் ஆன்லைன் கேமில் பிங், அதாவது தகவல் சர்வருக்குப் போய் வரும் நேரம், 140 மில்லி செகண்ட் வரை ஏறும். விபிஎன்னில் சிங்கப்பூர் போட்டால் 60-க்கு இறங்கிவிடும். நான் கண்ணால் பார்ப்பது இது. விபிஎன் பிங்கைக் குறைக்கும் என்பதுதான் உண்மை. டவுன்லோடு வேண்டுமானால் குறையலாம்.

---

நெய்வேலி_நைட்ஷிப்ட் | ஞாயிறு, இரவு 7:05

விபிஎன் பற்றிப் பேச்சு வந்ததால் கேட்கிறேன். வீட்டிலிருந்து ஆபீஸ் விபிஎன்னில் போனால் எக்செல் ஃபைல் திறக்கவே அரை நிமிடம் ஆகிறது. ஐடியில் கேட்டால் உங்கள் வீட்டு நெட் சரியில்லை என்கிறார்கள். ஸ்பீட் டெஸ்டில் 90 வருகிறது. இதற்கும் இந்தியா சர்வரைத் தேர்ந்தெடுத்தால் சரியாகுமா? எங்கள் ஆப்பில் நாடு தேர்ந்தெடுக்கும் இடமே காணோம்.

---

பழைய_ரூட்டர் | ஞாயிறு, இரவு 9:20

நான் புதுச்சேரியில் பல வருடங்களாக நெட்வொர்க் வேலையில் இருக்கிறேன். மூன்று பேருக்கும் சேர்த்துப் பதில் சொல்கிறேன்.

மஞ்சை, வேகம் பற்றி நீ எழுதியதில் முடிவு சரி, காரணம் தவறு. மறையாக்கத்துக்கு ஆகும் நேரம் இன்றைய போனுக்குப் பெரிய விஷயமே இல்லை. வயர்கார்டு என்ற விபிஎன் முறையில் ஒவ்வொரு பாக்கெட்டிலும் 60 பைட் கூடுதல் தலைப்பு சேரும். 1500 பைட் பாக்கெட்டில் 60 என்றால் 4 சதவீதம். 100 எம்பிபிஎஸ் லைன் 96 ஆகும், அவ்வளவுதான். அதை யாரும் கவனிக்கக்கூட மாட்டார்கள்.

மெதுவாகத் தோன்றுவதற்கு முதல் காரணம் தூரம். விபிஎன் போட்டால் உன் தகவல் முதலில் விபிஎன் சர்வருக்குப் போய், அங்கிருந்துதான் தளத்துக்குப் போகும். கண்ணாடி இழையில் ஒளி ஒரு மில்லி செகண்டில் ஏறக்குறைய 200 கிலோமீட்டர் போகும். கடலூரிலிருந்து சென்னை நேர்கோட்டில் 160 கிலோமீட்டர் அளவு. போய் வர 320, அதாவது 2 மில்லி செகண்டுக்கும் குறைவு. நடுவில் இருக்கும் கருவிகள், வளைந்து போகும் கேபிள் எல்லாம் சேர்ந்து நடைமுறையில் 6 முதல் 10 வரை வரும். சென்னையிலிருந்து சிங்கப்பூர் சுமார் 2,900 கிலோமீட்டர். போய் வரக் குறைந்தது 29 மில்லி செகண்ட். ஜெர்மனியின் பிராங்க்ஃபர்ட் 7,600 கிலோமீட்டர், குறைந்தது 76. இதற்குக் கீழே யாராலும் கொண்டுவர முடியாது, ஏனென்றால் ஒளியே அதைவிட வேகமாகப் போகாது.

இது ஏன் உறைக்கிறது என்றால், ஒரு புதிய இணையதளத்தைத் திறக்கும்போது முதல் எழுத்து திரைக்கு வருவதற்குள் நான்கு முறையாவது போய் வர வேண்டியிருக்கிறது. பெயரைக் கேட்டு முகவரி வாங்க ஒரு முறை, இணைப்பு ஏற்படுத்த ஒரு முறை, பாதுகாப்புச் சாவி மாற்றிக்கொள்ள ஒரு முறை, பக்கத்தைக் கேட்க ஒரு முறை. ஒரு சுற்று 8 மில்லி செகண்ட் என்றால் மொத்தம் 32. ஒரு சுற்று 150 என்றால் 600, அரை செகண்டுக்கும் மேல். ஸ்பீட் டெஸ்டில் எம்பிபிஎஸ் அப்படியே இருக்கும், ஆனால் கைக்கு மெதுவாகத் தெரியும். இலவச ஆப்பாக இருந்தால் ஒரே சர்வரில் ஏகப்பட்ட பேர் நெருக்கியடிப்பதும் சேர்ந்துகொள்ளும்.

நெய்வேலி, உங்கள் சிக்கலும் இதே குடும்பம்தான், ஆனால் நாடு மாற்றி ஆகப்போவது எதுவும் இல்லை. ஆபீஸ் விபிஎன் உங்களை ஆபீஸ் நெட்வொர்க்குக்குள் கொண்டுபோகிறது. அந்த ஃபைல் எங்கே இருக்கிறதோ அங்கேதான் போயாக வேண்டும். விண்டோஸ் ஷேரில் இருக்கும் ஃபைலைத் திறக்க நிறைய முறை போய் வர வேண்டியிருக்கும், அதனால் 90 எம்பிபிஎஸ் இருந்தும் இழுக்கும். ஃபைலை முதலில் உங்கள் கணினிக்கு நகல் எடுத்து, அங்கே திறந்து பாருங்கள். உடனே திறந்தால் காரணம் இதுதான் என்று ஐடியிடம் தைரியமாகச் சொல்லலாம்.

கேமர் தம்பி பார்த்ததும் பொய்யில்லை. உங்கள் நிறுவனத்திலிருந்து கேம் சர்வருக்குப் போகும் வழி ராத்திரியில் நெரிசலாக இருக்கலாம், அல்லது சுற்றிக்கொண்டு போகலாம். விபிஎன் நிறுவனம் வேறு வழியாக எடுத்துக்கொண்டு போனால் பிங் இறங்கும். ஆனால் அது அந்த வழியின் குறையைத் தாண்டிப் போவது. வழி சரியாக இருக்கும் வீட்டில் அதே விபிஎன் பிங்கை ஏற்றத்தான் செய்யும். மதியம் இரண்டு மணிக்கு விபிஎன் போட்டும் போடாமலும் பார்த்துச் சொல்லுங்கள்.

---

மஞ்சை_மாணவி | ஞாயிறு, இரவு 9:48

நன்றி சார். அப்படியென்றால் "இந்தியா சர்வரைத் தேர்ந்தெடுங்கள்" என்பது சரிதானே? சென்னையில் சர்வர் இருந்தால் 10 மில்லி செகண்டுக்குள் வந்துவிடும் அல்லவா?

---

பழைய_ரூட்டர் | ஞாயிறு, இரவு 10:15

அந்த வரியில்தான் விஷயமே இருக்கிறது. ஆப்பில் இந்தியக் கொடி இருந்தால் சர்வர் இந்தியாவில் இருக்கிறது என்று அர்த்தமில்லை.

2022 ஏப்ரல் 28-ஆம் தேதி இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் ஓர் உத்தரவு போட்டது. விபிஎன் சேவை தருபவர்கள் வாடிக்கையாளரின் பெயர், முகவரி, தொடர்பு எண், கொடுத்த ஐபி, எதற்காக வாங்குகிறார் என்ற விவரம் எல்லாவற்றையும், அவர் சேவையை விட்டபிறகும் 5 வருடம் வைத்திருக்க வேண்டும் என்றது. அதற்குப் பிறகு எக்ஸ்பிரஸ்விபிஎன், சர்ஃப்ஷார்க், நார்ட்விபிஎன் எல்லாம் இந்தியாவில் இருந்த தங்கள் சர்வர்களை எடுத்துவிட்டன. ஆனால் பட்டியலில் "இந்தியா" வைத்திருப்பவை உண்டு. இணையதளங்களுக்கு இந்திய ஐபி போலத் தெரியும், இயந்திரம் சிங்கப்பூரிலோ லண்டனிலோ ஓடும். இதை விர்ச்சுவல் சர்வர் என்பார்கள். பெரிய நிறுவனங்கள் இதை மறைப்பதில்லை, தங்கள் தளத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். யாரும் படிப்பதில்லை.

ஆக, கடலூரில் உட்கார்ந்து ஒரு சென்னை இணையதளத்தை "இந்தியா" வழியாகத் திறந்தால் உன் தகவல் வங்காள விரிகுடாவைத் தாண்டி சிங்கப்பூர் போய், திரும்பச் சென்னை வந்து, பதிலும் அதே வழியில் திரும்பும். உன் பேச்சில் வேகத்துக்கு இந்த ஒரு உதாரணம் போதும். நீயே அளந்து பார்க்கலாம். விபிஎன் நிறுத்தியிருக்க வேண்டும். ஓப்பன்விபிஎன் அமைப்புக் கோப்பு தரும் சேவையாக இருந்தால் அந்தக் கோப்பை நோட்பேடில் திறந்து `remote` என்று தொடங்கும் வரியைப் பார். அதில் சர்வர் பெயர் இருக்கும். அதை இப்படி அளக்கலாம், முதல் கட்டளை போய் வரும் நேரத்தையும் இரண்டாவது போகும் வழியையும் காட்டும்:

```
ping -n 10 சர்வர்_பெயர்
tracert சர்வர்_பெயர்
```

பத்து பதிலில் மிகச் சிறியது எதுவோ அதை எடுத்துக்கொள். சராசரி வேண்டாம். நெரிசல் எண்ணைக் கூட்டத்தான் முடியும், குறைக்க முடியாது.

---

கணினி_மிஸ் | திங்கள், காலை 7:30

நான் புதுச்சேரிப் பக்கம் ஒரு பள்ளியில் கணினி அறிவியல் எடுக்கிறேன். முதல் பகுதியைப் பற்றி ஒரு வார்த்தை. "இணையதளங்களுக்கு நாம் யார் என்று தெரியாது" என்ற வரியை எடுத்துவிடும்மா. பிள்ளைகள் விபிஎன்னைப் போட்டுவிட்டு அதே இன்ஸ்டாகிராம் கணக்கில்தான் நுழைகிறார்கள். முகமூடி போட்டுக்கொண்டு போய் வருகைப் பதிவேட்டில் சொந்தப் பெயரில் கையெழுத்துப் போடுவது போல அது. கணக்கில் நுழையாவிட்டாலும் முன்பு வந்தபோது பிரவுசரில் விட்டுப்போன குக்கீ அப்படியே இருக்கும். போனில் இருப்பிட அனுமதி கொடுத்திருந்தால் ஜிபிஎஸ் கடலூர் என்றே சொல்லும், ஐபி எந்த நாடாக இருந்தாலும்.

இன்னொன்று, "போலீஸ் நினைத்தால்" என்று விட்டுவிட்டால் பிள்ளைகளுக்கு அது மாயம் போலத் தெரியும். எப்படி என்று காட்ட வேண்டும். 2013 டிசம்பரில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் நடந்ததை நான் வகுப்பில் சொல்வேன். தேர்வைத் தள்ளிப்போட ஒரு மாணவர் வெடிகுண்டு மிரட்டல் மின்னஞ்சல் அனுப்பினார். அவர் பயன்படுத்தியது விபிஎன் அல்ல, தகவலைப் பல கணினிகள் வழியாகச் சுற்றி அனுப்பும், அதைவிடக் கெட்டியான டோர். மின்னஞ்சல் டோர் வழியாக வந்தது என்பது தெரிந்தது. அந்த நேரத்துக்கு முன்னால் பல்கலைக்கழக வைஃபையில் யாரெல்லாம் டோர் போட்டிருந்தார்கள் என்று பார்த்தார்கள். அதில் அவரும் இருந்தார். விசாரித்தபோது ஒப்புக்கொண்டார். மறையாக்கத்தை யாரும் உடைக்கவே இல்லை.

---

லாஸ்பேட்டை_கேமர் | திங்கள், மதியம் 2:25

ரூட்டர் அண்ணா, மதியம் பார்த்தேன். விபிஎன் இல்லாமல் 48, விபிஎன்னோடு 61. நீங்கள் சொன்னது சரிதான் போல. ஆனால் ராத்திரி எனக்கு விபிஎன்தான் சரிப்படுகிறது, அதை விடமாட்டேன்.

அப்புறம் மிஸ், உங்கள் கதை டோர் பற்றியது. விபிஎன்னில் நிறுவனம் லாக், அதாவது பயன்பாட்டுப் பதிவு, எதுவும் வைப்பதில்லை என்று எழுதியே கொடுக்கிறார்களே. லாக் இல்லையென்றால் போலீஸ் எதை வாங்கும்?

---

பழைய_ரூட்டர் | திங்கள், மாலை 5:50

ராத்திரிக்கு வைத்துக்கொள்ளுங்கள் தம்பி, அதில் தவறே இல்லை. லாக் விஷயத்தில் இரண்டு மாதிரியும் நடந்திருக்கிறது. 2011-ல் சோனி பிக்சர்ஸ் தளத்தை உடைத்த லல்ஸ்செக் குழு வழக்கில், ஹைட்மைஆஸ் என்ற விபிஎன் நிறுவனம் நீதிமன்ற உத்தரவு வந்ததும் தன்னிடம் இருந்த பதிவைக் கொடுத்தது. யார் எப்போது எந்த ஐபியிலிருந்து உள்ளே வந்தார் என்பதே போதுமானதாக இருந்தது. 2016-ல் இன்னொரு நிறுவனத்திடம் எஃப்பிஐ கேட்டபோது கொடுக்க அவர்களிடம் லாக் இருக்கவில்லை. ஆக, வாக்குறுதியைக் காப்பாற்றியவர்களும் உண்டு. வெளியில் இருக்கும் நமக்கு அதைச் சரிபார்க்க வழி குறைவு என்பதுதான் சிக்கல்.

இலவச ஆப்பில் இன்னும் மோசம். ஃபேஸ்புக் 2013-ல் ஒனாவோ என்ற நிறுவனத்தை வாங்கியது. பாதுகாப்பு விபிஎன் என்று சொல்லித்தான் போனில் போட்டார்கள். யார் எந்த ஆப்பை எவ்வளவு நேரம் பயன்படுத்துகிறார்கள் என்று அது ஃபேஸ்புக்குக்குச் சொல்லிக்கொண்டிருந்தது. 2018-ல் ஆப்பிள் கடையிலிருந்து அது வெளியேறியது. உன் நெட் நிறுவனம் பார்த்துக்கொண்டிருந்த இடத்தில் இப்போது விபிஎன் நிறுவனம் உட்கார்ந்திருக்கிறது. ஆள்தான் மாறியிருக்கிறார்.

---

நெய்வேலி_நைட்ஷிப்ட் | திங்கள், இரவு 8:12

நகல் எடுத்துத் திறந்தேன், உடனே திறந்தது. ஐடிக்கு எழுதிவிட்டேன், பார்க்கலாம். ஒரு சந்தேகம்: அந்த 5 வருட உத்தரவு எங்கள் ஆபீஸ் விபிஎன்னுக்கும் உண்டா? என் பெயரை எங்காவது கொடுத்துவிடுவார்களா?

---

பழைய_ரூட்டர் | திங்கள், இரவு 8:30

இல்லை. நிறுவனங்கள் தங்கள் ஊழியர்களுக்கு வைத்திருக்கும் விபிஎன்னுக்கு அது பொருந்தாது என்று 2022 மே மாதமே செர்ட்-இன் விளக்கம் கொடுத்துவிட்டது. பொதுமக்களுக்குச் சேவை விற்பவர்களுக்குத்தான்.

---

மஞ்சை_மாணவி | செவ்வாய், இரவு 7:40

சித்தப்பா ஒரு கட்டண விபிஎன் வைத்திருக்கிறார். அதன் அமைப்புக் கோப்புகளை வாங்கி வீட்டு பிராட்பேண்டில் அளந்தேன். ஒவ்வொன்றிலும் மிகச் சிறிய எண்: சென்னையில் இருக்கும் ஒரு சாதாரண சர்வர் 9, விபிஎன்னின் "சிங்கப்பூர்" 42, "இந்தியா" 43, "ஜெர்மனி" 158. இந்தியாவும் சிங்கப்பூரும் ஒரே எண் மாதிரி வந்ததும் எனக்கே ஆச்சரியமாக இருந்தது. அப்படியானால் இந்தியா சர்வர் சிங்கப்பூரில்தான் இருக்கிறது என்று மேடையில் சொல்லலாமா சார்?

---

பழைய_ரூட்டர் | செவ்வாய், இரவு 8:55

அருமையாக அளந்திருக்கிறாய். ஆனால் ஒரு படி நிதானம். பிங் ஒரு பக்கம் மட்டுமே உறுதியாகப் பேசும். 9 வந்தால் அந்த சர்வர் சிங்கப்பூரில் இருக்கவே முடியாது, ஒளிக்கு 29 வேண்டும். "ஜெர்மனி" என்று சொல்லும் சர்வர் 40-ல் பதில் சொன்னால் அது ஜெர்மனியில் இல்லை, அதிலும் சந்தேகமே இல்லை. ஆனால் 43 வந்தால் தூரமாக இருக்கிறது என்று அடித்துச் சொல்ல முடியாது. மும்பையில் இருந்து வழி சுற்றிக்கொண்டு வந்தாலும் 43 வரலாம். இரண்டு எண்ணும் ஒட்டி நிற்பது பலமான தடயம். `tracert` ஓட்டிப் பார், இரண்டும் கடைசிக்கு முந்தைய ரூட்டர் வரை ஒரே வழியாகப் போனால், பெயர்களில் சிங்கப்பூரைக் குறிக்கும் `sin` அல்லது `sg` தென்பட்டால் கிட்டத்தட்ட உறுதி.

---

மஞ்சை_மாணவி | புதன், இரவு 9:05

இரண்டு வழியும் கடைசி வரை ஒன்றாகவே போகின்றன. ஒரு ரூட்டர் பெயரில் `sin` இருக்கிறது. நிறுவனத்தின் தளத்திலும் இந்தியாவுக்குப் பக்கத்தில் சின்ன எழுத்தில் விர்ச்சுவல் என்று போட்டிருக்கிறது. பேச்சை மாற்றி எழுதிவிட்டேன்:

"உங்கள் போனில் இந்தியக் கொடி போட்ட ஒரு விபிஎன் சர்வர் இருக்கலாம். அது எங்கே இருக்கிறது என்று நான் வீட்டில் அளந்து பார்த்தேன். சென்னையில் இருக்கும் ஒரு சர்வர் 9 மில்லி செகண்டில் பதில் சொன்னது. விபிஎன்னின் இந்தியா சர்வர் 43. அதே விபிஎன்னின் சிங்கப்பூர் சர்வர் 42. வழியைப் பார்த்தால் இரண்டும் ஒரே பாதை. அதாவது நான் மஞ்சக்குப்பத்தில் இருந்து அந்த இந்தியா சர்வர் வழியாகச் சென்னைத் தளம் ஒன்றைத் திறந்தால், என் தகவல் கடல் தாண்டிப் போய்த் திரும்பி வரும். விபிஎன் வேகத்தைக் கூட்டும் என்று யாராவது சொன்னால், அவர்கள் வீட்டு நெட்டின் வழி மோசமாக இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். அப்படி இருந்தால் மட்டும்தான் கூட்டும்.

இனி மறைந்திருப்பது பற்றி. விபிஎன் போட்டபின் உங்கள் நெட் நிறுவனத்துக்கு நீங்கள் எந்தத் தளம் போகிறீர்கள் என்று தெரியாது. ஆனால் விபிஎன் போட்டிருக்கிறீர்கள் என்பதும், எத்தனை மணிக்கு, எவ்வளவு டேட்டா என்பதும் தெரியும். நீங்கள் போகும் தளங்கள் விபிஎன் நிறுவனத்துக்குத் தெரியும். இன்ஸ்டாகிராமில் நுழைந்தால் இன்ஸ்டாகிராமுக்கு நீங்கள் யார் என்று தெரியும். பள்ளி வைஃபையில் மொத்தமே ஒருவர் விபிஎன் போட்டிருந்தால், அந்த ஒருவர் யார் என்று கண்டுபிடிக்க எதையும் உடைக்க வேண்டியதில்லை."

இதன் பிறகு ஹார்வர்டு கதை. அதற்கப்புறம் மேடையிலேயே லேப் கணினியில் பிங் ஓட்டிக் காட்டலாம் என்று நினைக்கிறேன்.

---

கணினி_மிஸ் | புதன், இரவு 9:40

பேச்சு நன்றாக வந்திருக்கிறதும்மா. ஆனால் லேப் கணினியில் விபிஎன் ஆப் எதையும் போடாதே. அடுத்த நாளே பள்ளி வைத்திருக்கும் தடையைத் தாண்ட அதைத்தான் பத்துப் பேர் தேடுவார்கள். நீ தப்பைத் திருத்தப் போய் வழி காட்டியதாக ஆகிவிடும்.

---

லாஸ்பேட்டை_கேமர் | புதன், இரவு 9:58

மிஸ், அவர்களுக்கு அது ஏற்கனவே தெரியும். காட்டாமல் சொன்னால் நம்ப மாட்டார்கள். என்னையே எண்ணைப் பார்த்தபிறகுதான் நம்ப வைக்க முடிந்தது.

---

கணினி_மிஸ் | புதன், இரவு 10:04

நம்ப வைக்க அவள் அளந்த எண்களைப் பலகையில் எழுதினால் போதாதா? எனக்கு இன்னும் சம்மதமில்லை. உங்கள் பள்ளி மிஸ்ஸிடம் கேட்டுக்கொண்டு முடிவெடும்மா.

---

பழைய_ரூட்டர் | புதன், இரவு 10:30

பிங் ஓட்ட விபிஎன் ஆப் தேவையே இல்லை, சர்வர் பெயர் மட்டும் போதும். ஆனால் வியாழன் மாலையே லேபில் ஒருமுறை ஓட்டிப் பார். பல பள்ளி நெட்வொர்க்கில் பிங்கை அடைத்து வைத்திருப்பார்கள், `Request timed out` என்று வரிசையாக வரும். சர்வர் செத்துவிட்டது என்று பிள்ளைகள் நினைத்துவிடுவார்கள்.

அடைத்திருந்தால் போன் ஹாட்ஸ்பாட்டில் ஓட்டலாம், ஆனால் எண்கள் மாறும். 4ஜியில் டவர் வரை போய் வரவே 30, 40 மில்லி செகண்ட் ஆகிவிடும், அதுவும் ஏறி இறங்கும். சென்னை சர்வரே 45 காட்டும், இந்தியாவும் சிங்கப்பூரும் 80 பக்கம் நிற்கும். அதனால் தனி எண்ணைச் சொல்லாதே, மூன்றுக்கும் நடுவே உள்ள வித்தியாசத்தை மட்டும் காட்டு. வீட்டில் அளந்த எண்களைப் பக்கத்திலேயே எழுதி வை.

---

மஞ்சை_மாணவி | வியாழன், மாலை 5:15

லேபில் பிங் அடைத்துத்தான் இருக்கிறது சார். எங்கள் மிஸ் ஹாட்ஸ்பாட்டுக்குச் சரி என்றார், ஆப் வேண்டாம் என்றார். சிக்னல் ஜன்னல் ஓரத்தில்தான் வருகிறது, மடிக்கணினியை அங்கே வைத்துப் பார்த்தேன். சென்னை 51, சிங்கப்பூர் 84, இந்தியா 86.